பார்த்தவர் யாரும் இல்லை, தண்டிக்க முடியுமா?

"என் தம்பி மேல் கொலை வழக்கு. வெட்டியதை யாரும் பார்க்கவில்லை. இறந்தவரோடு கடைசியாக இவனைப் பார்த்தார்கள், இவன் செல்போன் அந்தப் பக்கம் இருந்தது, முன்பகை, சட்டையில் ரத்தம் என்று நான்கு சொல்கிறார்கள். இதை வைத்தே தண்டித்துவிடுவார்களா?"

தண்டிக்க முடியும். நேரில் பார்த்த சாட்சி இருந்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. இப்படிச் சூழ்நிலைகளை வைத்து நிரூபிப்பதைத்தான் சந்தர்ப்ப சாட்சியம் என்கிறார்கள். ஆனால் 'நான்கு இருக்கிறதே' என்று எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

இறந்தவரோடு பார்த்தார்கள் என்பதும் செல்போன் கோபுரப் பதிவும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இவர் அந்தப் பகுதியில் இருந்தார். அதிலும் கோபுரப் பதிவு காட்டுவது போன் இருந்த வட்டாரத்தை மட்டுமே. ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் அது பல கிலோமீட்டர் விரியும். போன் யார் கையில் இருந்தது என்று அது சொல்லாது. ஆக, இரண்டு சாட்சியம்போலத் தெரிந்தாலும் அனுமானம் ஒன்றுதான். முன்பகையும் அப்படித்தான், ஏன் செய்திருக்கலாம் என்று சொல்லுமே தவிர, செய்தார் என்று சொல்லாது.

சட்டைக்கறை வேறு வகை. அது ஒரு சங்கிலி. சட்டை உங்கள் தம்பியுடையது, கறை இறந்தவரின் ரத்தம், அன்றைக்குப் பட்டது, வெட்டும்போது பட்டது. நான்கு கண்ணியும் நின்றால்தான் முடிவு நிற்கும். ஒரு கணக்குக்காக, ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்குத் தொண்ணூறு உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் பெருக்கினால் 66 கூடத் தேறாது. நீதிமன்றம் இப்படி எண் போட்டுப் பார்ப்பதில்லை, ஆனாலும் நீளமான சங்கிலி ஏன் பலவீனமானது என்பது இதில் புரியும்.

என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆய்வக அறிக்கை. 'மனித ரத்தம்' என்று மட்டும் இருந்தால் இரண்டாவது கண்ணி இன்னும் மாட்டப்படவே இல்லை. ரத்த வகை பொருந்துகிறது என்றால், அதே வகை உள்ளவர்கள் எத்தனையோ பேர். டி.என்.ஏ. பொருந்தினால் அந்தக் கண்ணி கெட்டி. அப்புறம், சட்டையைக் கைப்பற்றிய தேதி, சீல் வைத்த தேதி, ஆய்வகத்துக்குப் போன தேதி: நடுவில் பல நாள் இடைவெளி இருந்து, சட்டை எங்கே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாவிட்டால் கேள்வி பிறக்கும். கடைசிக் கண்ணியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடிபட்டவரைத் தூக்கியவர் சட்டையிலும் ரத்தம் படும். அது அப்பிய கறையா, சிதறித் தெறித்த துளிகளா என்று மருத்துவ, தடய நிபுணரிடம் கேட்டே ஆக வேண்டும்.

1866-இல் இங்கிலாந்தில் நீதிபதி பொல்லாக் வேறு உவமை சொன்னார். சந்தர்ப்ப சாட்சியம் சங்கிலி அல்ல, பல புரி சேர்ந்த கயிறு. ஒரு புரி பாரம் தாங்காது, மூன்று சேர்ந்தால் தாங்கலாம். இரண்டுமே சரி என்பதுதான் என் கருத்து. முன்பகை ஒரு புரி, அது அறுந்தாலும் வழக்கு நிற்கலாம். எதை எடுத்துவிட்டால் குற்றம் என்ற முடிவே வராதோ, அது கண்ணி. அத்தகைய கண்ணி நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1990-இல் சொன்னது.

போதுமா என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1984-இல், சாரதா வழக்கில், தெளிவான அளவுகோல் வைத்தது. குற்றம் என்ற முடிவுக்கு ஆதாரமான சூழ்நிலைகள் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். 'இருக்கலாம்' என்பது போதாது. எல்லாம் சேர்ந்து குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும், வேறு நியாயமான விளக்கத்துக்கு இடம் விடக் கூடாது. இன்னொன்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் பொய்யான விளக்கம் சொன்னார் என்பது, சங்கிலி ஏற்கெனவே முழுமையாக இருந்தால்தான் கூடுதல் பலம். அரசுத் தரப்பின் ஓட்டையை அது அடைக்காது. அதற்காகத் தம்பி எதையாவது புனைந்து சொல்லிவிட வேண்டாம்; சங்கிலி முழுமையாக இருந்துவிட்டால் அந்தப் பொய்யே அவருக்கு எதிராக நிற்கும்.

சரி, 'கடைசியாகச் சேர்ந்து பார்த்தார்கள்' என்பதற்கு வருவோம். அதன் பலம் முழுக்க நேர இடைவெளியில் இருக்கிறது. இரவு 8 மணிக்குப் பார்த்தார்கள், பிரேதப் பரிசோதனைப்படி மரணம் 9 மணிக்குள், இடம் வேறு யாரும் நுழைய முடியாத பூட்டிய அறை என்றால் அது மிகப் பெரிய சாட்சியம். மரணம் நள்ளிரவு முதல் விடியற்காலை வரை, இடம் திறந்தவெளி என்றால், நடுவே வேறொருவர் வந்திருக்கவே முடியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

குற்றப்பத்திரிகை நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வாங்கி, அந்த இரண்டு நேரங்களையும் ஒரே தாளில் எழுதி, சட்டை பற்றிய தேதிகளோடு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.