விடையைச் சரிபார்க்க, கணக்கில் தொடாத எண்ணைத் தேடுங்கள்

கேள்வி: ஆப்டிடியூட் கணக்குகளில் விடை வந்ததும் சரிபார்க்க மறுபடி போட்டுப் பார்க்கிறேன். அதே விடை வருகிறது, ஆனால் அது தப்பாக இருக்கிறது. வேகம், வேலையும் நேரமும், சதவீதம் இவற்றை வேறு வழியில் போட்டுச் சரிபார்ப்பது எப்படி?

பதில்:

பெருக்கலில் தவறியிருந்தால் மறுபடி போடும்போது ஒருவேளை மாட்டும். கேள்வியைப் படித்த விதத்திலேயே தவறியிருந்தால் மாட்டாது, ஏனென்றால் இரண்டாம் முறையும் அதே புரிதலோடுதான் தொடங்குகிறீர்கள். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

"வேறு வழியில் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். சமன்பாட்டில் போட்டதை விகிதத்தில் போட்டால் அது வேறு வழி ஆகிவிடும் என்று நினைக்கிறோம். பல நேரம் ஆகாது. ஒரு வேகக் கணக்கை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 11 நிமிடம் தாமதமாகச் சேர்கிறார். 50 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிடம் தாமதமாகச் சேர்கிறார். தூரம் எவ்வளவு?

வழக்கமான வழியில், இரண்டு பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் 6 நிமிடம், அதாவது 1/10 மணி. தூரத்தை x என்று வைத்தால் x/40 − x/50 = 1/10. இது x/200 = 1/10 என்று சுருங்கும். தூரம் 20 கி.மீ.

இப்போது அவசரத்தில் ஒருவர் 11-ஐயும் 5-ஐயும் கூட்டி 16 நிமிடம் என்று எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான தவறு இல்லை. "11 நிமிடம் தாமதம், 5 நிமிடம் முன்னதாக" என்று வரும் கணக்குகளில் கூட்டத்தான் வேண்டும், அந்தப் பழக்கத்தில் கை தானாகக் கூட்டிவிடும். அவருக்கு x/200 = 16/60 என்று ஆகி, தூரம் 53⅓ கி.மீ. வரும். சரி, விகிதத்தில் சரிபார்க்கிறார். வேகம் 4:5, எனவே நேரம் 5:4. ஒரு பங்கு 16 நிமிடம். 40-இல் போனால் 80 நிமிடம், 50-இல் போனால் 64 நிமிடம். 80 நிமிடத்தில் 40 கி.மீ. வேகத்துக்கு 53⅓ கி.மீ. அப்பாடா, இரண்டு வழியிலும் ஒரே விடை! தப்பான விடை, ஆனால் இரண்டு வழியிலும் பொருந்துகிறது.

காரணம் எளிது. இரண்டு வழியுமே அந்த 16-இலிருந்துதான் கிளம்பின. வழி மாறியது, புறப்பட்ட இடம் மாறவில்லை.

இங்கே பார்க்க வேண்டியது, முதல் வழியில் எது செலவாகாமல் மிச்சம் இருக்கிறது என்பதை. நாம் பயன்படுத்தியது 11-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். 11 என்ற எண்ணோ 5 என்ற எண்ணோ தனியாக எங்கும் வேலைக்கு வரவில்லை. அதோடு கேள்வி வாய்விட்டுச் சொல்லாத ஓர் அளவும் ஒளிந்திருக்கிறது: சேர வேண்டிய நேரம். எந்த வேகத்தில் போனாலும் அது மாறாது. எனவே இரண்டு பக்கத்திலிருந்தும் அதைக் கண்டுபிடித்துப் பாருங்கள்.

20 கி.மீ. என்றால் 40-இல் 30 நிமிடம், அதில் 11 தாமதம், எனவே ஆகியிருக்க வேண்டியது 19 நிமிடம். 50-இல் 24 நிமிடம், அதில் 5 தாமதம், இதுவும் 19. பொருந்துகிறது. 53⅓-ஐ வைத்துப் பார்த்தால் 80 − 11 = 69, 64 − 5 = 59. பொருந்தவில்லை. எங்கே தவறினோம் என்பதும் இதிலேயே தெரியும்: 10 நிமிடம் இடிக்கிறது, அது 5-இன் இரு மடங்கு. கழிக்க வேண்டிய 5-ஐக் கூட்டியிருக்கிறோம்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு லாபம் உண்டு. முதலில் மணிக்கணக்கில் போட்டோம், இப்போது நிமிடத்தில் போகிறோம். 6 நிமிடத்தை 0.06 மணி என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு தூரம் 12 கி.மீ. வரும். 12 கி.மீ.க்கு 40-இல் 18 நிமிடம், 50-இல் 14.4 நிமிடம். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 9.4. உடனே அம்பலம்.

வேகத்தில் சராசரிக் கணக்கு மட்டும் ஒரு தனி ரகம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போகும்போது 40, திரும்பும்போது 60 என்றால் சராசரி 50 என்று எழுதத் தோன்றும். மெதுவான வேகத்தில் அதிக நேரம் போகிறது, எனவே சராசரி நட்ட நடுவில் நிற்காது, 40 பக்கம் சாய வேண்டும். நேரங்கள் 3:2 என்பதால் (40×3 + 60×2)/5 = 48. தூரத்தை 120 என்று வைத்துப் போட்டவர்களுக்கும் போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கி.மீ.க்கு 5 மணி, அதே 48.

சதவீதத்தில் மேலே சொன்ன அதே ஒளிந்த அளவு வேறு வேடத்தில் வரும். 30 சதவீதம் எடுத்தவர் 15 மதிப்பெண்ணில் தோற்கிறார், 42 சதவீதம் எடுத்தவர் தேர்ச்சிக்குத் தேவையானதைவிட 9 கூடுதலாக எடுக்கிறார், மொத்த மதிப்பெண் என்ன? இங்கே 15-ஐயும் 9-ஐயும் கூட்டத்தான் வேண்டும், ஏனென்றால் ஒருவர் கோட்டுக்குக் கீழே, மற்றவர் மேலே. 12 சதவீதம் என்பது 24 மதிப்பெண், எனவே மொத்தம் 200. மிச்சமிருப்பது தேர்ச்சி மதிப்பெண். 200-இல் 30 சதவீதம் 60, கூட 15 சேர்த்தால் 75. 42 சதவீதம் 84, அதில் 9 கழித்தால் 75. சரி. கழித்துவிட்டு 12 சதவீதம் = 6 என்று எடுத்திருந்தால் மொத்தம் 50 வரும்; ஒரு பக்கம் 15 + 15 = 30, மறுபக்கம் 21 − 9 = 12. ஒரே தேர்வுக்கு இரண்டு தேர்ச்சி மதிப்பெண் இருக்க முடியாது.

வேலைக் கணக்குக்கு வருவோம். இதில்தான் "இரண்டு வழியிலும் போட்டேன்" என்று சொல்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அ ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், ஆ 18 நாளில். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். வேலை முடிய 3 நாள் இருக்கும்போது அ விலகிவிடுகிறார். மொத்தம் எத்தனை நாள்?

மீச்சிறு பொது மடங்கு 36 என்பதால் வேலையை 36 அலகு என்று வைக்கலாம். அ நாளுக்கு 3, ஆ நாளுக்கு 2. கடைசி 3 நாள் ஆ தனியாக 6 அலகு. மீதி 30 அலகை இருவரும் நாளுக்கு 5 வீதம் 6 நாளில் முடிக்கிறார்கள். மொத்தம் 9 நாள். இதையே (x−3)/12 + (x−3)/18 + 3/18 = 1 என்று போட்டாலும் 9 வரும். ஆனால் அது இரண்டாவது வழி இல்லை. அந்தச் சமன்பாட்டை 36-ஆல் பெருக்கினால் மேலே போட்ட கணக்கேதான் வந்து நிற்கும்.

உண்மையிலேயே வேறான வழி இது: அ விலகாமல் கடைசிவரை இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3 நாளில் அவர் கூடுதலாக 9 அலகு செய்திருப்பார். 36-க்குப் பதில் 45 அலகு, நாளுக்கு 5, எனவே 9 நாள். இங்கே கடைசி 3 நாளைப் பிரித்து எடுக்கவே இல்லை. அதனால் அங்கே தவறு செய்திருந்தால் அது இதில் தொற்றாது.

அதற்கும் முன்னால் ஓர் எல்லைச் சோதனை போடலாம். இருவரும் கடைசிவரை இருந்தால் 36/5 = 7.2 நாள். ஆ மட்டும் செய்தால் 18 நாள். விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். சேர்ந்து வேலை செய்த 6 நாளையே விடையாகக் குறித்துவிடுவது இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு, அந்த 6 விருப்பத் தெரிவுகளிலும் காத்திருக்கும். 7.2-க்குக் கீழே என்றதுமே அதை அடித்துவிடலாம்.

எல்லைச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. "3 நாள் இருக்கும்போது" என்பதை "3 நாள் கழித்து" என்று படித்தால் 15 அலகு போக மீதி 21, ஆ தனியாக 10.5 நாள், மொத்தம் 13.5. இது 7.2-க்கும் 18-க்கும் நடுவில்தான் இருக்கிறது. பின்னங்களைக் கூட்டினாலும் 3/12 + 13.5/18 = 1 என்று அழகாக வரும்! விடையைக் கேள்வியின் வார்த்தைக்கே திருப்பிக் கொண்டுபோனால்தான் மாட்டும்: 13.5 நாளில் அ வேலை செய்தது 3 நாள், ஆகவே முடிய 10.5 நாள் இருக்கும்போது விலகியிருக்கிறார். கேள்வி சொன்னது 3.

இங்கே ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். "3 நாட்களுக்கு முன் விலகினார்" என்று மொட்டையாக எழுதும் பயிற்சித் தாள்கள் எத்தனை! எதற்கு முன்? கடைசிப் பக்கத்தில் விடைக்கு "ஆ" அல்லது "இ" என்று ஓர் எழுத்து மட்டும் இருக்கும், வழிமுறை இருக்காது. அங்கே உங்கள் விடை பொருந்தவில்லை என்றால் தப்பு உங்களுடையதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு பொருளிலும் போட்டுப் பாருங்கள்.

"தேர்வில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் முழுதாக இரண்டாம் முறை போடச் சொல்லவில்லை. 19-உம் 19-உம் பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு கழித்தல் போதும். விருப்பத் தெரிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து விடை கண்டவர்களுக்கு அதுவே முதல் வழி ஆகிவிடுகிறது. அவர்கள் சமன்பாட்டில் போட்டால்தான் அது சரிபார்ப்பு.

கைக்கு அடக்கமான ஒரு பழக்கம் சொல்கிறேன். கணக்குப் போடும்போது கேள்வியில் உள்ள எண்களில் பயன்படுத்தியதற்கெல்லாம் ஒரு கோடு போட்டு வையுங்கள். வித்தியாசமாக மட்டும் பயன்பட்டதற்குப் பாதிக் கோடு. கோடு முழுதாக விழாத எண் எதுவோ, அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

எல்லா எண்ணும் செலவாகிவிடும் கணக்குகளும் உண்டு. விலை 25 சதவீதம் கூடுகிறது, செலவு கூடாமல் இருக்க உபயோகத்தை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்பதில் எண்ணே ஒன்றுதான். அப்போது பெருக்கித்தான் பார்க்க வேண்டும். பழைய விலை 100, பழைய உபயோகம் 100, பெருக்கினால் 10,000. 25 சதவீதம் குறைத்தால் 125 × 75 = 9,375, செலவு இறங்கிவிட்டது, அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறோம். 20 சதவீதம் குறைத்தால் 125 × 80 = 10,000.