அட்வான்ஸ் பாக்கி: வாட்ஸ்அப் பேச்சைக் கடிதமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்து ஆறு வாரம் ஆகிறது. அட்வான்ஸ் 60,000 ரூபாயில் பெயிண்டிங்குக்கு 25,000 பிடிப்பேன் என்கிறார் ஹவுஸ் ஓனர். மீதியையும் தரவில்லை. வாட்ஸ்அப்பில் நீளநீளமாக எழுதிச் சண்டை போட்டாகிவிட்டது. இவை பின்னால் உதவுமா? இனி எப்படி எழுதுவது?

பதில்: உதவும். ஆனால் அடுத்த மெசேஜை எழுதுவதற்கு முன் அந்தச் சாட்டைத் திறந்து, தானாக அழியும் மெசேஜ் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், ஆன் செய்த பிறகு அனுப்பியவை எல்லாம் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ போய்விடும். இப்போது ஆஃப் செய்தாலும், ஏற்கெனவே அனுப்பியவை அழியத்தான் செய்யும். ஆகவே முதல் வேலையாக சாட்டை எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். அதில் ஓனரின் நம்பருக்குப் பதில், நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பெயர்தான் வரும். ‘ஓனர் அங்கிள்’ என்றிருந்தால் அது யாரென்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? நம்பர் தெரியும் கான்டாக்ட் பக்கத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதும் விதம். கோபத்தில் எழுதும் மெசேஜில் அட்வான்ஸ், பெயிண்டிங், தண்ணீர் வராதது, அவர் பேசிய தொனி எல்லாம் கலந்திருக்கும். எதிராளி அதில் தனக்கு வசதியான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்வார். பணத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அதனால் ஒரு மெசேஜில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். இப்படி:

“சார், ஏப்ரல் 5 அன்று சாவியை உங்களிடம் கொடுத்தேன். அட்வான்ஸ் 60,000 இன்னும் வரவில்லை. எந்தத் தேதிக்குள் தருவீர்கள்?”

அவர் பதில் சொன்ன பிறகு, அல்லது இரண்டு நாள் பொறுத்து:

“சார், பெயிண்டிங்குக்கு 25,000 என்றீர்கள். பில்லை அனுப்ப முடியுமா?”

தேதி, தொகை, ஒரு கேள்வி. இவ்வளவுதான். ‘அன்றைக்கு’, ‘அந்தப் பணம்’ என்று எழுதாதீர்கள். மூன்று மாதம் கழித்துப் படிப்பவருக்கு எதுவும் புரியாது.

இதில் பலரும் கோட்டை விடுவது போன் பேச்சில்தான். மெசேஜுக்குப் பதில் எழுதாமல் ஓனர் கூப்பிட்டுப் பேசுவார். பேசி வைத்ததும் இப்படி எழுதிவிடுங்கள்: “சார், இப்போது போனில் 35,000-ஐ மே 25-க்குள் தருவதாகச் சொன்னீர்கள். மீதி 25,000-க்கு நான் சம்மதிக்கவில்லை. நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.” அவர் ‘சரி’ என்றால் நல்லது. ஒன்றும் சொல்லாவிட்டால் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நீங்கள் அன்றே எழுதிய குறிப்பு நிற்கிறது. ‘சம்மதிக்கவில்லை’ என்ற அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால், 35,000-த்தோடு கணக்கு முடிந்தது என்று அவர் சொல்ல இடமாகிவிடும்.

சரி, சொன்ன தேதியும் தாண்டிவிட்டது. இப்போது கடிதம். சாட்டை அப்படியே பிரின்ட் போட்டு அனுப்புவது கடிதமாகாது. முதலில் ஒரு தாளில் தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று நான்கு கட்டம் போட்டு, பணத்தைத் தொடும் மெசேஜ்களை மட்டும் எடுத்து எழுதுங்கள். அவர் எழுதியதை எழுத்துப் பிழையோடு அப்படியே மேற்கோளில் போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருந்தால் அதையும் மாற்றாமல் போட்டு, கீழே தமிழில் தாருங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் சேருங்கள். ‘ஒரு சுவரில் ஆணி அடித்தது உண்மைதான்’ என்று நீங்கள் எழுதியிருந்தால், அதை மறைக்கக் கூடாது. முழு சாட் அவரிடமும் இருக்கிறது. அவர் அதை எடுத்து நீட்டும்போது உங்கள் கடிதம் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடிதத்தில் அந்த வரிகள் இப்படி மாறும்: “05.04 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். 18.05 அன்று தொலைபேசியில் ரூ.35,000 தருவதாகக் கூறினீர்கள்; அன்றே அதை வாட்ஸ்அப்பில் குறிப்பிட்டேன் (இணைப்பு 3). இதுவரை தொகை வரவில்லை.” ‘ஏமாற்றினீர்கள்’ போன்ற சொல் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இதை ஒரு வரியில் சொல்லி, 15 நாள் கெடு கொடுத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆனதற்கான விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கு வரை போனால் பிரின்ட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். வக்கீல் ஏற்பாடு செய்வார். அதுவரை அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். சாட்டிலிருந்து ஒரு மெசேஜைக்கூட அழிக்காதீர்கள்.