தொட்டியில் முளைத்தது கொத்தமல்லியா, களையா?

"கொத்தமல்லி விதைத்த தொட்டியில் இரண்டு விதச் செடி தெரிகிறது. படத்தைப் பார்த்து எது மல்லி என்று சொல்ல முடியுமா?"

இடப்பக்கம் இருப்பது மல்லிதான். அடி இலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சின்ன விசிறி போல விரிந்து, ஓரத்துப் பற்கள் மழுங்கி வளைந்திருக்கின்றன, மேல்பரப்பில் மயிரே இல்லை. பற்கள் கூராக இருந்தால் பார்ஸ்லியாக இருக்கலாம்.

வலப்பக்கத்துச் செடி பார்த்தீனியம் போலத் தெரிகிறது. இலைகள் மண்ணோடு படிந்து வட்டமாகப் பரவியிருக்கின்றன. நடு நரம்பு வரை ஆழமாக வெட்டுப்பட்டு, சாம்பல் பூத்த பச்சையில் மெல்லிய மயிர் தெரிகிறது. இதை வெறுங்கையால் கசக்கிப் பார்க்காதீர்கள், சிலருக்குத் தோல் அரிக்கும். கையுறை போட்டு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

மயிரில்லாத செடியை மட்டும் மோந்து பாருங்கள். ஒரு இலையைக் கசக்கினால் ரசத்தில் தூவும் அந்த வாசனை உடனே வரும். அப்புறம் கையைக் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிய மணம் எல்லாவற்றையும் மல்லியாக்கிவிடும்.

மல்லி பூக்கத் தொடங்கினால் மேல் இலைகள் நூல் நூலாகப் பிரியும். அதைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். எப்போதும் அடி இலையைப் பாருங்கள்.