ஓடும் பெல்ட்டில் வைத்த பெட்டி எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் வழுக்கும்?

“பெல்ட் 3 m/s வேகத்தில் ஓடுது. பெட்டியைச் சும்மா வச்சா எப்போ பெல்ட்டோட சேர்ந்து போகும்? எவ்வளவு தூரம் வழுக்கும்? உராய்வுக் குணகம் μ = 0.5.”

பலர் தடுமாறுவது உராய்வின் திசையில்தான். பெல்ட்டைப் பொறுத்தவரை பெட்டி பின்னோக்கி வழுக்குகிறது. அதனால் உராய்வு அதை முன்னோக்கித் தள்ளுகிறது. இங்கே பெட்டியை ஓட வைப்பதே உராய்வுதான்.

g = 10 m/s² என்று வைத்தால் முடுக்கம் μmg/m = μg = 5 m/s². நிறை அடிபட்டுப் போகிறது. 3 m/s எட்ட 3/5 = 0.6 வினாடி.

பெட்டி வைத்த இடத்தில் பெல்ட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 0.6 வினாடியில் கோடு 1.8 மீட்டர் போய்விடும். பெட்டி நகர்ந்தது ½ × 5 × 0.6² = 0.9 மீட்டர். இடைவெளியான 0.9 மீட்டர்தான் வழுக்கிய தூரம், அதாவது v²/(2μg).

அதன்பின் உராய்வு பூஜ்யம். பெட்டிக்கு முன்னால் 0.9 மீட்டருக்கும் குறைவாகவே பெல்ட் இருந்தால், பெட்டி வழுக்கிக்கொண்டே முனையைத் தாண்டிவிடும். அப்போது இந்த விடை செல்லாது.