தங்கம் புது உச்சம் தொட்ட பிறகு என்ன ஆச்சு: கேள்வி பதில்

கேள்வி: ரெக்கார்டு விலை வந்தாச்சுன்னா அப்புறம் சரிவுதானே? 1980 மாதிரி?

பாதி சரிங்க. 1980 ஜனவரி 21ல லண்டன்ல அவுன்ஸ் 850 டாலர், அந்த விலைய மறுபடி பாக்க 2008 ஜனவரி ஆச்சு. ஆனா எல்லாரும் இதோட நிறுத்திக்கறாங்க. 1978 ஜூலைல முதல் தடவையா 200 டாலர தாண்டுச்சே, அதுவும் அன்னைக்கு புது ரெக்கார்டுதான், 1974 கடைசில இருந்த 195ஐ உடைச்சுது. அப்ப பயந்துகிட்டே வாங்கினவருக்கு அந்த வருஷ கடைசில கொஞ்ச நாள் வயித்த கலக்கிருக்கும், 200க்கு கீழ நழுவுச்சு, அப்புறம் ஒன்றரை வருஷத்துல நாலு மடங்கு. 1978ல வாங்கினவர், 1980 ஜனவரில வாங்கினவர், ரெண்டு பேரும் வாங்கினது ரெக்கார்டு விலைலதான். ஒரு ஏத்தத்துல ரெக்கார்டு நிறைய வரும், கடைசி ரெக்கார்டு ஒண்ணுதான், அது எதுன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது.

கேள்வி: சார் இப்ப வாங்கலாமா?

இதே கேள்விய கேக்கற மூணாவது ஆள் நீங்க. ஜோசியம் நான் பாக்கறதில்ல.

கேள்வி: 2011 உச்சத்துல பொண்ணுக்கு வளையல் எடுத்தேன், 2015ல வித்தா நஷ்டம். கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லம்மா. 1,900 டாலர் கிட்ட இருந்தது 2015 டிசம்பர்ல 1,050 பக்கம் வந்துடுச்சு. டாலர் ரேட்டு ஏறினதால நம்மூர்ல அடி கம்மி. ஆனா செய்கூலி, சேதாரம் திரும்ப வராது, முதலீடுன்னா நகையா எடுக்காதீங்கன்னு எத்தன தடவதான் சொல்றது!

கேள்வி: டாலர் கணக்கு நமக்கெதுக்கு? ரூபாய்ல தங்கம் நஷ்டமே தந்ததில்ல, எங்க தாத்தா 80ல வாங்கினதே சாட்சி.

தாத்தா கணக்கையே போடுவோம். 1980ல டாலர் சுமார் 8 ரூபா, 2001ல 47. தங்கம் டாலர்ல 850லேருந்து 256க்கு விழுந்தும் ரூபாய்ல ஒண்ணே முக்கால் மடங்கு ஆகுது. ஆனா 21 வருஷத்துக்கு அது வருஷத்துக்கு 3 சதவீதம் கூட இல்ல, போஸ்டாபீஸ்ல போட்டிருந்தாலே பல மடங்கு. நஷ்டம் கண்ணுக்கு தெரியல, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணே, 1990 வரைக்கும் தங்கக் கட்டுப்பாட்டு சட்டம் இருந்துச்சு, நம்மூர் விலை உலக விலையோட ஒட்டியே போகல. உங்க கணக்கு செல்லாது.

நல்ல அடி, ஒத்துக்கறேன். தாத்தா குடுத்த நிஜ விலை அந்தக்கால ரசீதுலதான் இருக்கும், இருந்தா பாத்து சொல்லுங்க, கணக்க மாத்தறேன்.

கேள்வி: கடைசி உச்சத்துக்கு அறிகுறியே கிடையாதா?

காரணம் தெரியும், தேதிதான் தெரியாது. அமெரிக்க மத்திய வங்கி தலைவர் பால் வோல்க்கர் பணவீக்கத்த அடக்க 1979 அக்டோபர்லயே கடிவாளத்த இறுக்கிட்டார், வட்டி பின்னாடி 20 சதவீதம் வரைக்கும் போச்சு, வட்டி தராத தங்கத்த யார் வெச்சுப்பா? ஆனா அவர் அறிவிச்சப்ப தங்கம் 400 டாலர் பக்கம். அத நம்பி அன்னைக்கே வித்தவர், அடுத்த மூணரை மாசம் அது 850க்கு போறத வேடிக்கை பாத்தார்.

கேள்வி: சார், இப்ப வாங்கலாமா?

நாலு.