கீசர் டயலை 45-ல் வைக்காதீர்கள்: வெந்நீர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 25 லிட்டர் கீசர். கரண்ட் மிச்சமாகட்டும், குழந்தைக்கும் சுடாமல் இருக்கட்டும் என்று டயலை 45 டிகிரியில் வைத்திருக்கிறேன். சரிதானே? (வாசகி, ஈரோடு)

சரியில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. பொருத்த வரும் ஆட்களே 45-ல் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா ஆறு, குளம், மண் எங்கும் கொஞ்சம் இருக்கும். குழாய் நீரோடு உங்கள் தொட்டிக்கும் வரும். 20 டிகிரிக்குக் கீழே அது சும்மா கிடக்கும். 20-லிருந்து 45 வரை பெருகும், 35-ஐ ஒட்டி மிக வேகமாக. 50-க்கு மேல் பெருக முடியாது, மெல்லச் சாகும். 60 டிகிரியில் இரண்டே நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு செத்துவிடும். 50 டிகிரியில் அதே அளவு சாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் வைத்திருக்கும் 45-ல் அது வேகமாகப் பெருகாவிட்டாலும் சாவதில்லை. ஸ்விட்சை அணைத்ததும் தொட்டி மெல்ல ஆறி, பல மணி நேரம் அதற்குப் பிடித்த சூட்டில் நிற்கிறது.

குளிர் நாடுகளில் குளிர்நீரை 20-க்குக் கீழே வைத்துப் பாதி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நம் மாடித் தொட்டியில் ஏப்ரல், மே மாதங்களில் பச்சைத் தண்ணீரே 35-ஐத் தாண்டுகிறது. அதனால் நமக்குக் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் வெந்நீரின் சூடுதான்.

கரண்ட் கணக்கைப் பாருங்கள். 27 டிகிரி தண்ணீரைக் குளிக்கத் தகுந்த 40 டிகிரிக்குக் கொண்டுவர, 20 லிட்டர் பக்கெட் ஒன்றுக்குச் சுமார் 0.3 யூனிட் வேண்டும். 45 டிகிரி வெந்நீரை நிறைய எடுத்தாலும் 60 டிகிரி வெந்நீரைக் குறைவாக எடுத்து விளாவினாலும் அந்த 0.3 மாறாது. கூடுதல் செலவு, மிச்ச வெந்நீர் தொட்டியில் ஆறிப்போவதில் மட்டும்தான். குளிக்கும் நேரத்தை ஒட்டி அரை மணி முன்பு போட்டு, முடிந்ததும் அணைத்தால் அதுவும் சொற்பம். மறுபக்கம் லாபம் இருக்கிறது. 60-ல் இருக்கும் 25 லிட்டரை விளாவினால் 60 லிட்டருக்கு மேல் குளியல் நீர் கிடைக்கும், 45-ல் 35 லிட்டர்தான். 'கடைசியாகக் குளிப்பவருக்குச் சூடு இல்லை' என்று எழுதுபவர்களில் பலர் டயலைக் குறைத்து வைத்தவர்கள்.

எனவே டயல் 60. 2 கிலோவாட் கீசர் என்றால் அரை மணி நேரம் ஆகும். சூடாகிறது என்று காட்டும் விளக்கு தானாக அணையும் வரை பொறுங்கள், பிறகு குழாயைத் திறங்கள். தினமும் ஒரு தடவை முழுதாக 60-ஐத் தொட்டால் போதும், நாள் முழுக்க ஆனில் வைக்கத் தேவையில்லை. பாதிச் சூட்டிலேயே எடுத்து, மேலும் பச்சைத் தண்ணீர் உள்ளே புக, மறுபடி பாதிச் சூட்டிலேயே எடுப்பதுதான் கெடுதல். அடியில் குளிர்ந்த அடுக்கு ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடும். போர் தண்ணீர் உப்பும் அங்கேதான் படியும், படிவுக்குள் பாக்டீரியா ஒளிந்து பிழைக்கும். வருடம் ஒரு தடவை தொட்டியை இறக்கிக் கழுவச் சொல்வது இதற்காகத்தான்.

டயலில் உள்ள எண்ணை அப்படியே நம்பாதீர்கள். குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, சமையலுக்கு விற்கும் குச்சித் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். பளபளக்கும் குழாய் மேல் லேசர் தெர்மாமீட்டரைக் காட்டினால் அது குறைத்துக் காட்டும்.

குழந்தைக்குச் சுடுமே என்ற உங்கள் பயம் நியாயமானது. தொட்டியில் சூடு இருக்கட்டும், உடம்பில் படும் இடத்தில் குறைக்க வேண்டும். அதற்கு வழி கீழே.

கேள்வி: கீசர் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வருமா? (வாசகர், விருதுநகர்)

வயிற்று வழியாக வருவதில்லை. ஷவரும் குழாயும் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுக்கும்போது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிறது. ஆனாலும் கீசர் தண்ணீர் குடிக்க அல்ல.

கேள்வி: 60 டிகிரி என்றால் கை வெந்துவிடாதா? எங்கள் வீட்டில் ஷவர் கிடையாது, பக்கெட் குளியல்தான். இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். (வாசகர், கும்பகோணம்)

வேகும். 60 டிகிரியில் பெரியவர் தோல் ஐந்து விநாடியில் ஆழமாகப் புண்ணாகும். 55-ல் அரை நிமிடம், 50-ல் ஐந்து நிமிடம் வரை தாங்கும். குழந்தைத் தோல் மெல்லியது, இதைவிடச் சீக்கிரம் வெந்துவிடும்.

பக்கெட் குளியலில் விபத்து நடப்பது பெரும்பாலும் ஒரே விதத்தில். முதலில் வெந்நீரைத் திறந்து பாதி நிரப்பிவிட்டு, துண்டு எடுக்கவோ போனைப் பேசவோ ஆள் நகர்கிறார். பிள்ளை பக்கெட்டைப் பிடித்து எழுந்து நிற்கிறது. ஆகவே குளிர்ந்த நீர் முதலில், வெந்நீர் பிறகு. பாதிப் பக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர், அடிவரை கலக்கி விளாவுங்கள். விரல் நுனி ஏமாற்றும், முழங்கையைத் தோய்த்துப் பாருங்கள். குழந்தைக்கு 37, 38 போதும். வெந்நீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றும் வகையில் மாற்றிக்கொண்டு, பேரன் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: சோலாரில் தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை. என்ன செய்வது? (வாசகர், ஊர் எழுதவில்லை)

எத்தனை லிட்டர், கண்ணாடிக் குழாயா தகடா, எந்த மாதம், எத்தனை டிகிரி, ஒன்றும் எழுதவில்லை. அளந்து எழுதுங்கள். அடுத்தவர் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கேள்வி: 200 லிட்டர் கண்ணாடிக் குழாய் சோலார், 2 கிலோவாட் மின் எலிமென்ட் உண்டு. நவம்பரில் ஐந்து நாள் மழை. காலையில் குழாயில் 42 டிகிரி. குளிக்க இது போதும் என்பதால் எலிமென்ட் போடவில்லை. அப்பாவுக்கு நுரையீரல் தொந்தரவு உண்டு, ஷவரில்தான் குளிப்பார். (வாசகர், கோவை)

அளந்து எழுதியதற்கு நன்றி. குளிக்கப் போதும் என்பது உண்மை. ஆனால் ஐந்து நாளாக 200 லிட்டர் பெருகும் சூட்டில் நின்றிருக்கிறது. வயதானவர், புகை பிடிப்பவர், நுரையீரல் நோய், சர்க்கரை உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோரைத்தான் இந்நோய் அதிகம் தாக்குகிறது. தொட்டி சூடாகும் வரை அப்பா ஷவரில் நிற்க வேண்டாம், கொதிக்க வைத்து விளாவிய நீரில் குளிக்கட்டும்.

இன்று செய்ய வேண்டியது இது. 42-லிருந்து 60-க்கு 18 டிகிரி ஏற வேண்டும். 200 லிட்டருக்கு நாலேகால் யூனிட், 2 கிலோவாட் எலிமென்ட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மாலையில் எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பின் போடுங்கள். இடையில் யாராவது திறந்தால் பச்சைத் தண்ணீர் புகுந்து கணக்கு கெடும். 60 தொட்டதும் இன்னும் அரை மணி விடுங்கள். பிறகு எல்லா வெந்நீர்க் குழாயையும் ஷவரையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சுடச்சுட வந்த பின் மூன்று நான்கு நிமிடம் ஓடவிடுங்கள், குழாய்க்குள் நின்ற நீரும் சுட வேண்டும். ஷவர் தலையைக் கழற்றி அல்லது துணி சுற்றி ஓடவிட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நீர் சுடும்.

இரண்டு இடத்தில் இது தவறிப்போகும். எலிமென்ட்டுக்கு மேலே உள்ள நீர்தான் நன்றாகச் சூடாகும், கீழே உள்ளது பின்தங்கும். அடி வால்வு இருந்தால் அங்கேயும் பிடித்து அளந்து பாருங்கள். அடுத்தது, பல மாதம் போடாத எலிமென்ட் உப்பேறி எரிந்துபோயிருக்கும், நீங்கள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் எட்டு டிகிரியாவது ஏறியிருக்கிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள்.

மழைக்காலத்தில் இனி வாரம் ஒரு தடவை இதைச் செய்வது குறைந்தபட்சம். அப்பா ஷவரில் குளிப்பதானால் வெயில் இல்லாத ஒவ்வொரு நாளும். அவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் வெந்நீர்த் தொட்டி விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இதில் வேலை செய்யாது.

இதே தொட்டி மே மாதத்தில் 80 டிகிரியைத் தொடும். அப்போது ஆபத்து தலைகீழ். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது பைப்பில் நின்ற ஆறின நீர், 'சூடு இல்லை' என்று ஷவருக்கடியில் நிற்கும்போது 80 டிகிரி வந்து விழும். அடுத்த பதிலில் சொல்லும் வால்வு சோலார் வீட்டுக்குக் கட்டாயம்.

கேள்வி: சூட்டைத் தானே கலந்து கொடுக்கும் வால்வு வாங்கலாமா? ஏற்கெனவே சுவர் மிக்ஸர் இருக்கிறதே? (வாசகி, சென்னை, மேல்மாடி)

சுவர் மிக்ஸர் உங்கள் கை திருப்பும் அளவுக்குக் கலக்கும், அவ்வளவுதான். பக்கத்துக் குளியலறையில் யாராவது ஃப்ளஷ் பண்ணினால் குளிர்நீர் அழுத்தம் விழுந்து ஷவர் சட்டென்று சுடும். தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வுக்குள் சூட்டுக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் மெழுகுக் குப்பி ஒன்று உண்டு. அது வெந்நீர் வழியைத் தானே திறந்து மூடும். ஷவருக்கு 41-ல் அமையுங்கள். உள்ளே வரும் வெந்நீர் அதைவிடப் பத்து டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் அது சரியாக இயங்கும். 45-ல் டயல் வைத்தால் இதுவும் உதவாது.

மேல்மாடி என்பதால் அட்டையில் குறைந்தபட்ச அழுத்தத்தைப் படியுங்கள். தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.2 பார் மட்டுமே, பல வால்வுகளுக்கு அது போதாது. குளிர்நீருக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்டு வெந்நீரை அப்படியே விடாதீர்கள். இரண்டு வழியிலும் நான்-ரிட்டர்ன் வால்வும் வடிகட்டியும் வேண்டும்.

வால்வை ஷவருக்குப் பக்கத்தில் வையுங்கள், இரண்டு மீட்டருக்குள். மாடியில் தொட்டி வாயிலேயே வைத்தால் வீடு முழுக்க 41 டிகிரி நீர் பைப்பில் நிற்கும். தொட்டியில் கொன்றதைப் பைப்பில் வளர்த்தது போல ஆகிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதியுங்கள். ஷவரை ஓடவிட்டு, கீழே பக்கெட் வைத்து, குளிர்நீர் ஆங்கிள் வால்வை மூடுங்கள். சில விநாடியில் ஷவர் நின்று சொட்ட வேண்டும். வெந்நீர் தொடர்ந்து வந்தால் உள்ளே உப்பு பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறது, கழற்றிக் கழுவும் வரை அந்த ஷவரில் யாரும் குளிக்கக் கூடாது.

கேள்வி: வெந்நீர் பட்டுவிட்டால் இட்லி மாவு தடவலாமா? (வாசகி, மதுரை)

கூடாது. மாவு, டூத்பேஸ்ட், பேனா மை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள். குழந்தை என்றாலோ, முகம், கை, பிறப்புறுப்பு என்றாலோ, உள்ளங்கைக்கு மேல் பெரிதாக இருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.