ஊருக்குப் போனால் கட்டணம் நிற்குமா, நாள் நிற்குமா?

கேள்வி: கோவையில் வீட்டு மாடியில் யோகா வகுப்பு நடத்துகிறேன். 40 பேர் வருகிறார்கள், 3 மாதத்துக்கு 4,500 ரூபாய். ஊருக்குப் போகிறவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் ஃப்ரீஸ் கொடுக்கிறேன் என்று வாட்ஸப் குரூப்பில் இப்படிப் போட்டேன்: "வெளியூர்ப் பயணம் அல்லது உடல்நலக் குறைவு காரணமாக வர இயலாதவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் கட்டணம் தகுந்தபடி நிறுத்தி வைக்கப்படும். நிர்வாகத்தின் முடிவே இறுதியானது." நல்லது செய்யப் போய் இரண்டு பேரோடு மனத்தாங்கல். ஒருவர் ஊருக்குப் போன நாட்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். இன்னொருவர் 9 நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்து நாளைக் கூட்டித் தரச் சொல்கிறார், அவர் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. இந்தச் செய்தியை எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் செய்தியில் தப்பு செய்திருப்பது "கட்டணம் நிறுத்தி வைக்கப்படும்" என்ற மூன்று சொல்தான். 4,500 ரூபாயை அவர் முன்னாலேயே கட்டிவிட்டார், அதில் நிறுத்தி வைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் நிறுத்துவது நாட்களை. ஆனால் கட்டணம் நிற்கும் என்று படிப்பவர், அந்த நாட்களுக்குக் காசு இல்லை, அப்படியென்றால் கட்டியது திரும்பி வர வேண்டும் என்றுதான் புரிந்துகொள்வார். அவர் பேராசைக்காரர் இல்லை, நீங்கள் எழுதியதை எழுதியபடி படித்தவர். ஆகவே செய்தியில் கட்டணம் என்ற சொல்லையே எழுவாயாக வைக்காதீர்கள். "உங்கள் முடிவு தேதி தள்ளிப் போகும், பணம் திரும்ப வராது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பணம் வராது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதையே பத்து பேரிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டி வருகிறது.

அடுத்தது "முன்கூட்டியே". பயணத்துக்கு இது சரி, டிக்கெட் போட்டவருக்குத் தேதி தெரியும். காய்ச்சல் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. இரண்டு காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் போட்டதால் நோயாளிக்கு நடக்காத நிபந்தனை ஒன்று விழுந்துவிட்டது. இரண்டையும் பிரியுங்கள். பயணம் என்றால் கிளம்புவதற்கு 2 நாள் முன்பு. உடம்பு முடியவில்லை என்றால் திரும்பி வந்த 3 நாளுக்குள் சொன்னாலும், வராத முதல் நாளிலிருந்தே கணக்கு.

"தகுந்தபடி" என்ற சொல்லுக்குப் பதிலாக ஓர் எண் வேண்டும். அதற்கு முன்னால் நீங்களே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் விற்பது 3 மாதமா, 90 நாளா, இத்தனை வகுப்பா? ஜூன் 1ஆம் தேதி சேர்ந்தவருக்கு 3 மாதம் என்றால் ஆகஸ்ட் 31 வரை, அதாவது 92 நாள். 90 நாள் என்றால் ஆகஸ்ட் 29ஆம் தேதியே முடிந்துவிடும். இந்த இரண்டு நாளுக்காகச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீஸ் கொடுப்பவர்களுக்கு நாள் கணக்குதான் வசதி, ஞாயிறு விடுமுறையையும் சேர்த்து எண்ணுகிறோம் என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

இப்போது அந்த ஜூன் 1ஆம் தேதி சேர்ந்தவர் ஜூன் 20ஆம் தேதி ஊருக்குப் போய் ஜூலை 2 காலை வகுப்புக்கு வருகிறார் என்று வையுங்கள். நின்ற நாட்கள் ஜூன் 20 முதல் ஜூலை 1 வரை, இரண்டு தேதிகளையும் சேர்த்து 12. பழைய முடிவு ஆகஸ்ட் 29, புதிய முடிவு செப்டம்பர் 10. இந்த உதாரணத்தைச் செய்தியிலேயே போட்டுவிடுங்கள், விதியை விட உதாரணத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். திரும்பி வந்த நாள் கணக்கில் சேராது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

குறைந்தது 7 நாள், ஒரு முறை கட்டியதற்கு மொத்தம் 30 நாள் என்று இரண்டு பக்கமும் வேலி போடுங்கள். கீழ் வரம்பு இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் போன 2 நாளையும் கேட்பார்கள், 40 பேருக்கு நோட்டில் கணக்கு வைத்து முடியாது. காலை 6 மணி பேட்ச் நிரம்பி வழிகிறது என்றால், அந்த இடத்தைப் பிடித்து வைப்பீர்களா மாட்டீர்களா என்றும் சொல்லுங்கள். யாராவது யுபிஐ ஆட்டோபே மூலம் மாதா மாதம் கட்டினால், உங்கள் நோட்டில் ஃப்ரீஸ் எழுதியதால் அது தானாக நிற்காது, தனியாக நிறுத்த வேண்டும்.

மருத்துவச் சீட்டு கேட்பதில் நிதானம் வேண்டும். இரண்டு வாரம் வரை வாய்ச்சொல் போதும். அதற்கு மேல் என்றால் தேதி தெரிகிற சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோயின் பெயரை மறைத்துக்கொண்டு காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். குரூப்பில் போடச் சொல்லவே கூடாது. மற்ற 39 பேருக்கு ஒருவருடைய கர்ப்பப்பை அறுவை சிகிச்சை பற்றித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

"நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்பதை எடுத்துவிடுங்கள். அது இருந்தாலும் ஒருவர் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுப்பதைத் தடுக்க முடியாது. தவிர, மாடியில் பாய் விரித்து நடத்துகிற வகுப்புக்கு நிர்வாகம் ஏது, நீங்கள்தானே!

இப்படிப் போடலாம்:

> வணக்கம். வெளியூர் போனாலோ உடம்பு முடியாவிட்டாலோ உங்கள் நாட்களை ஃப்ரீஸ் செய்து தருகிறேன். அத்தனை நாள் உங்கள் முடிவு தேதி தள்ளிப் போகும். பணமாகத் திரும்பத் தர இயலாது.
> தொடர்ந்து 7 நாளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 90 நாள் கட்டணத்துக்கு மொத்தம் 30 நாள் வரை. ஞாயிறும் கணக்கில் சேரும்.
> பயணம் என்றால் 2 நாள் முன்பு சொல்லுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் திரும்பி வந்த 3 நாளுக்குள் சொன்னால் போதும். 14 நாளுக்கு மேல் என்றால் தேதியுள்ள மருத்துவச் சீட்டை என்னிடம் மட்டும் காட்டுங்கள்.
> உதாரணம்: ஜூன் 20 முதல் ஜூலை 1 வரை வரவில்லை என்றால் 12 நாள். ஆகஸ்ட் 29இல் முடிவது செப்டம்பர் 10இல் முடியும்.
> குரூப்பில் அல்ல, என் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள்.

கேட்கிற ஒவ்வொருவருக்கும் "12 நாள் ஃப்ரீஸ், புதிய முடிவு தேதி செப்டம்பர் 10" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பேச்சு வந்தால் அந்த வரிதான் பேசும்.

பழைய இரண்டு பேர்? புதிய விதியை அவர்கள் மேல் பின்னோக்கிப் போட முடியாது. இரண்டு விதமாகப் படிக்க முடிகிற வாசகத்தை, எழுதியவருக்கு எதிராகப் படிப்பதுதான் நீதிமன்ற வழக்குகளில் பொதுவான முறை. காய்ச்சல்காரருக்கு 9 நாளைக் கூட்டிக் கொடுத்துவிடுங்கள். பணம் கேட்பவரிடம் உங்கள் வாசகம் குழப்பியதை ஒப்புக்கொண்டு, நாட்களாக எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். பிடிவாதமாக இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் கணக்கில் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டணம் வாங்கும் முன் புதிய செய்தியை அவருக்கு அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.